மரண கானாவுக்கும் யாப்பு உண்டு

கானா என்றாலே குத்துப்பாட்டு, தாளம் போதும், வார்த்தைக்கு வேலையில்லை என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் ஒரு சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து மரண கானா கேட்க வேண்டும்.

அங்கே பாடகர் எடுத்தவுடன் தாளத்துக்குப் போக மாட்டார். முதலில் விருத்தம் மாதிரி நிதானமாக இழுத்துப் பாடுவார். அப்புறம்தான் தபேலாவோ டோலக்கோ சேரும். இறந்தவரின் பெயர், பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள், வாழ்ந்த தெரு எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே பாட்டுக்குள் கொண்டுவருவார்.

இதன் கட்டுமானத்தைக் காட்ட நானே இரண்டு வரி கட்டிப் பார்த்தேன்:

காசிமேட்டு கடலுக்குள்ள கட்டுமரம் ஓட்டுன
காலையில கதவுக்குள்ள கண்ண ஏம்பா பூட்டுன

ஒவ்வொரு வரியிலும் நான்கு தட்டு. வரிக்குள் ககர மோனை ஓடுகிறது. முடிவில் ஓட்டுன, பூட்டுன என்று இயைபு விழுகிறது. இந்த இயைபுதான் கானாவின் உயிர். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முதல் வரி முடிந்ததுமே அடுத்த வரி எந்த ஓசையில் முடியும் என்று காத்திருப்பார்கள். அது சரியாக வந்து விழும்போது அழுகையும் கைதட்டலும் ஒன்றாக வரும். காசிமேட்டுக்காரருக்குக் கட்டிய வரியை வேறு ஊரில் துணி தைத்தவருக்கு அப்படியே பாட முடியாது. ஊரை மாற்றினால் மோனை போய்விடும், தொழிலை மாற்றினால் இயைபு போய்விடும். இரண்டையும் தாளம் தவறாமல் அங்கேயே மாற்றிக் கட்டத் தெரிந்தவரைத்தான் நான் கவிஞர் என்பேன்.

சினிமா மெட்டைக் கடன் வாங்குகிறார்களே என்று குறை சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. தெரிந்த மெட்டில் புதுச் சொல் கட்டுவது நம்மிடம் நெடுநாள் வழக்கம். பாரதியின் பாடல்கள் சிலவற்றின் தலைப்பிலேயே இன்ன வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். கேட்பவருக்கு மெட்டு ஏற்கெனவே பழக்கம் என்பதால் காது முழுவதும் சொல்லில் நிற்கிறது. அங்கே வெறும் நிரப்புச் சொல் போட்டுத் தப்பிக்க முடியாது.

தேவாவின் இசையில் 90களில் கானா திரைக்கு வந்து ஊரெல்லாம் பரவியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் திரைக்கு வந்த பாட்டு எல்லோருக்குமான பாட்டு. குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அதில் பெரும்பாலும் கழன்றுவிட்டது. 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு அம்பேத்கரையும் இடஒதுக்கீட்டையும் நேராகப் பேசியபோது, கானா மறுபடி யாரோ ஒருவரின் சார்பாக நின்று பாடியது. ஆண்களே பாடிவந்த கானாவை அதே மேடையில் இசைவாணி பாடியது இன்னும் பெரிய விஷயம்.

கானாவைத் தொகுத்துப் புத்தகமாக்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரிகளை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். எந்த மெட்டு, எந்தத் தெரு, யாருடைய சாவுக்குப் பாடியது, பாடியவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேச்சு வழக்கைத் திருத்தி ‘ஓட்டினாய்’, ‘பூட்டினாய்’ என்று அச்சடித்துவிடாதீர்கள்.