அந்த ஆசிரியைக்குக் கணக்குத் தெரியும்

ஒரு கணித ஆசிரியை, தான் தவறாக எழுதிய விடைக்குறிப்பை வைத்து நள்ளிரவில் தேர்வுத்தாள்களைத் திருத்தும் சிறுகதை அது. சென்ற வாசிப்புக் கூட்டத்தில் அதற்கு என்ன நேர்ந்தது என்பது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். "கணித ஆசிரியை தன் விடைக்குறிப்பையே தவறாக எழுதுவாரா? இது ஆசிரியர்களை இழிவுபடுத்தும் கதை" என்று ஒருவர் தீர்ப்பளித்தார், பலர் தலையசைத்தார்கள். நான் பேச எழுந்தபோது, "நீங்களே ஆசிரியர் என்பதால் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று உட்கார வைக்கப்பட்டேன். ஆசிரியர்களின் மானத்தைக் காப்பதற்காக ஓர் ஆசிரியரின் வாயை அடைத்த அந்த நேர்த்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆசிரியைக்குக் கணக்குத் தெரியும். கதை அதை ஒளித்து வைக்கவில்லை. வினா √(x + 7) = x − 5. இருபுறமும் வர்க்கப்படுத்தி ஒழுங்குபடுத்தினால் x² − 11x + 18 = 0 என்று வரும்; காரணிகள் (x − 2), (x − 9). வினாத்தாள் தயாரித்த அன்றே அவர் விடைக்குறிப்பில் "x = 2, 9" என்று எழுதி, 5 மதிப்பெண்ணைப் படிவாரியாகப் பிரித்தும் வைத்துவிட்டார். வகுப்பின் முதல் மாணவியோ 9 மட்டுமே தீர்வு என்கிறாள். 2-ஐப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் √9, அதாவது 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது 3, −3 இரண்டுமே 9 ஆகிவிடுவதால், இல்லாத தீர்வு ஒன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. அதனால்தான் கிடைத்த விடைகளை முதல் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கச் சொல்கிறோம். கதையில் அதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவரும் இதே ஆசிரியைதான்.

பிறகு எப்படித் திருத்தும்போதும் அந்தத் தவறு அவர் கண்ணில் படவில்லை என்றால், களைப்பினால். திருத்துபவரின் கண் முதல் சில தாள்களில்தான் வரிவரியாகப் படிக்கும். தாள்கட்டு குறையக் குறைய, கடைசி வரிக்குத் தாவி, குறிப்போடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த மாணவி முதல் வரியிலேயே "x ≥ 5" என்று எழுதியிருக்கிறாள். வர்க்கமூலம் குறை எண்ணாக இருக்க முடியாது, ஆகவே x − 5-உம் அப்படி இருக்கக் கூடாது என்ற காரணம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவர் அதைத் தேவையற்ற வரி என்று கடந்து, ஒரு தீர்வு விடுபட்டதாக 1 மதிப்பெண்ணைக் குறைக்கிறார். இதை அறியாமை என்று அழைப்பவர்கள் ஒரு கட்டையாவது நள்ளிரவு வரை திருத்தியவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன்.

"கதையா, கணக்குப் பாடமா?" என்றும் ஒருவர் கேட்டார். சமையலும் சட்டமும் கதைக்குள் வரும்போது எழாத கேள்வி இது; பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

கூட்டத்தில் யாருமே தொடாத இடம் ஒன்று உண்டு. குறைத்த மதிப்பெண்ணை எழுதியபின் ஆசிரியை தயங்குகிறார். தாள் முதல் மாணவியுடையது என்பதால்தான் தயங்குகிறார். தவறு அப்போதுதான் அவர் கண்ணில் படுகிறது. உடனே திருத்திய தாள்களைப் புரட்டி, கடைசி இருக்கைப் பையனின் தாளைத் தேடி எடுக்கிறார். அவன் இரண்டு விடைகளையும் கண்டுபிடித்து, 2-ஐ மட்டும் அடித்து, பக்கத்தில் "சரிவராது" என்று எழுதியிருக்கிறான். அங்கே அவர் தயங்கவே இல்லை. அதே 1 மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருந்தார்.

நான் பள்ளியில் நடுவரிசை மாணவி. ஒரு தேர்வில் என் விடை தவறென்று அடிக்கப்பட்டிருந்ததால், தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அவர் என் தாளைப் பார்க்கவில்லை, முதல் மதிப்பெண் வாங்குபவளை அழைத்து, "நீ என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். அவளும் என்னைப் போலவே எழுதியிருந்ததாகத் தெரிந்த பிறகுதான் என் விடை சரியாயிற்று. மதிப்பெண் கிடைத்தது, ஆனால் அதை நான் வாங்கியதாக இன்று வரை தோன்றவில்லை. இதுவும் உணர்ச்சிவசப்படுதல் என்றால் அப்படியே இருக்கட்டும்.

"அப்படியானால் கதை ஆசிரியையைக் குற்றவாளியாக்குகிறதே" என்று இப்போது கேட்பீர்கள். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் கவனிக்காத ஒரு தாளை, யாரும் கேட்காமலே, நள்ளிரவில் தேடி எடுத்தவர் அவர்தான். அதற்கும் பிறகு அவருக்கு ஓய்வில்லை: குறிப்பை நம்பி "2, 9" என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டாயிற்று, அதைக் குறைப்பதா, விடுவதா? குறைத்தால், தன் தவறுக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். விட்டால், சரியாக எழுதிய இருவரின் விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே மதிப்பு. கட்டு முழுவதையும் முதலிலிருந்து திறப்பதைத் தவிர வேறு வழி அவருக்கு இல்லை. முதல் மாணவியை மேடையேற்றிக் கைதட்ட வைத்து முடித்திருக்கலாம் என்று ஆலோசனை சொன்ன அன்பர், அந்தக் கட்டை எந்தப் பக்கத்தில் திறப்பார் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்திலும் இந்தக் கதையைப் பற்றிப் பேசுவதாயிருந்தால், பேசுபவர்கள் ஒரு தாளில் அந்தச் சமன்பாட்டை எழுதி, தாமே தீர்த்துவிட்டு வரட்டும். இரண்டு விடை எழுதியவர்கள் ஆசிரியையைப் பற்றிக் கடைசியாகப் பேசலாம்.