வேண்டாம் என்றால் மட்டும் எழுத்தெண்ணிப் படிக்கும் விளம்பரத் தளம்

காலை 7 மணி 10 நிமிடம். கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடையின் கைப்பேசியை எடுக்கிறாள். மறுமுனையில் ஒரு பெண்மணி, எடுத்த எடுப்பிலேயே கத்துகிறார். வாஷிங் மெஷின் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம். இரண்டு முறை புகார் கொடுத்தும் ஆள் வரவில்லையாம். வீட்டில் கைக்குழந்தை, துணி மலைபோல் குவிந்து கிடக்கிறதாம். "உங்கள் கம்பெனிக்கு வெட்கமே கிடையாதா?" என்று கேட்கிறார்.

"அம்மா, இது கம்பெனி இல்லை. மதுரையில் ஒரு சின்ன ரிப்பேர் கடை" என்கிறாள் அக்கா. அவர் நம்பவில்லை. திரும்பச் சொல்கிறாள். மூன்றாவது முறை சொன்னபோது, "அப்படியென்றால் கஸ்டமர் கேர் என்று தேடினால் எதற்கு உங்கள் எண் முதலில் வருகிறது? ஊரை ஏமாற்றுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்தார். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்திருந்தது. அந்த ஒரு திட்டை வாங்குவதற்கு மாமா 24 ரூபாய் கொடுத்திருக்கிறார். கூகுளில் கடையின் விளம்பரத்தை ஒருவர் ஒருமுறை தொட்டதற்கு, அதாவது ஒரு கிளிக்குக்கு, அவ்வளவு பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்மணிமேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதே கேள்வியை நானும் கூகுளின் விளம்பரத் தளத்திடம் கேட்கிறேன். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடியவருக்கு எதற்காக எங்கள் எண்ணைக் காட்டினாய்? அந்தச் சொல் வேண்டாம் என்று நான் எழுதித்தானே வைத்திருந்தேன்!

நடந்தது இதுதான். கடையின் விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய். அதற்கு மேல் அவர்களால் முடியாது. அதனால் நான், எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று எழுதிவைக்கும் கீவேர்டுகளில் ஃபிரேஸ் மேட்ச், எக்ஸாக்ட் மேட்ச் என்ற இறுக்கமான இரண்டு வகைகளை மட்டும் வைத்து, பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தேன். போன வாரம் தளத்தின் ஆலோசகர் என்று ஒருவர் மாமாவைக் கைப்பேசியில் அழைத்திருக்கிறார். உங்கள் கணக்கின் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 61 சதவீதம்தான், பிராட் மேட்ச் என்ற தளர்வான வகைக்கு மாற்றினால் ஏறிவிடும், நிறைய பேருக்கு விளம்பரம் போய்ச் சேரும் என்றாராம். கையில் ஸ்பேனருடன் ஒரு மெஷினுக்குள் தலையை விட்டிருந்த மனிதர் "சரி சார்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு "சரி"க்கு ஒரு வாரப் பணம் போய்விட்டது. மாமாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரீட்சை மதிப்பெண்போல ஒரு எண்ணைக் காட்டி, குறைவு என்று சொன்னால் யார்தான் கலங்கமாட்டார்கள்? தளம் தரும் பரிந்துரைகளை நாம் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறும் எண் அது. கடைக்கு வந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை அதில் கிடையாது என்று அந்த ஆலோசகர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்று வகைக்கும் திரையில் உள்ள வித்தியாசம் இரண்டு குறிகள்தான்.

```
washing machine repair madurai
"washing machine repair"
[washing machine repair madurai]
```

குறி எதுவும் இல்லாத முதல் வரி பிராட் மேட்ச். அந்தச் சொற்களோடு தொடர்புடையது என்று தளம் நினைக்கும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும். நம் சொல் ஒன்றுகூட அந்தத் தேடலில் இருக்க வேண்டியதில்லை. மேற்கோள் குறி போட்டது ஃபிரேஸ் மேட்ச். நம் தொடரின் பொருள் தேடலுக்குள் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் வேறு சொற்கள் வரலாம். சதுர அடைப்பு போட்டது எக்ஸாக்ட் மேட்ச். பெயர்தான் எக்ஸாக்ட். 2018 முதல் "அதே பொருள்" என்று தளம் முடிவுசெய்யும் தேடல்களுக்கும் அது போகிறது. ஆனாலும் சின்னப் பணத்துக்கு இருக்கிற வாசல்களில் குறுகிய வாசல் அதுதான். குறி எதுவும் போடாமல் விட்டால் தானாகவே பிராட் மேட்ச் ஆகிவிடுகிறது. பணத்தை அதிகம் தின்னும் வழியையா விவரம் தெரியாதவர்களுக்கு முதல் வழியாக வைப்பது?

அன்றைக்கு மதியமே உட்கார்ந்து, நிஜமாகத் தேடப்பட்ட சொற்களைக் காட்டும் அறிக்கையைத் திறந்தேன். ஒரு வாரத்தில் 96 கிளிக், 2,112 ரூபாய். அதில் 71 கிளிக்குகளுக்குத்தான் என்ன தேடினார்கள் என்று தெரிகிறது. மீதி 25 "மற்ற தேடல்கள்" என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டன. குறைவாகத் தேடப்படும் சொற்களை 2020 செப்டம்பர் முதல் மறைத்துவிடுகிறார்கள். காசு நம்முடையது, எதற்குப் போனது என்று பார்க்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

தெரிந்த 71 தேடல்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மெஷின் பழுதாகி ஆள் தேடியவர்கள் 23 பேர். கம்பெனியின் புகார் எண் தேடியவர்கள் 17. மெக்கானிக் வேலை, சம்பளம், பயிற்சி வகுப்பு என்று தேடியவர்கள் 12. புது மெஷின் விலையும் பழைய மெஷின் விற்பனையும் 11. திரையில் வரும் பிழைக் குறிக்கு என்ன பொருள், வீட்டிலேயே எப்படிச் சரிசெய்வது என்று பார்த்தவர்கள் 8. ஆக 48 கிளிக், கிளிக்குக்குச் சராசரி 22 ரூபாய் என்றாலும் 1,056 ரூபாய், எந்தப் பயனும் இல்லாமல் போயிருக்கிறது. ஒரு மெஷினைத் திறந்து பேரிங் மாற்றினால் மாமாவுக்குக் கையில் நிற்கும் கூலியைவிட அது அதிகம்.

அந்த 17 வரிகளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை கொதித்தது. எந்தத் தேடலுக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் நெகட்டிவ் பட்டியலில் நான் கஸ்டமர் கேர் என்று போட்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். வந்தவர்கள் தமிழ் எழுத்தில் "கஸ்டமர் கேர்" என்று தேடியிருக்கிறார்கள். இன்னும் சிலர் டோல் ஃப்ரீ, ஹெல்ப்லைன், புகார் எண் என்று தேடியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருள்தான், குழந்தைக்கும் தெரியும். தளத்துக்கும் தெரியும்! "வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்று நான் எழுதினால் "கம்பெனி ஹெல்ப்லைன்" வரைக்கும் பொருளை இழுத்துக்கொண்டு போகத் தெரிந்த தளத்துக்கு, நான் "கஸ்டமர் கேர் வேண்டாம்" என்றால் ஹெல்ப்லைனும் வேண்டாம் என்று புரியாமலா போகும்? வேண்டும் என்று சொன்னால் பொருள் பார்த்து விரிகிறது. வேண்டாம் என்று சொன்னால் எழுத்தெண்ணிப் படிக்கிறது. நெகட்டிவ் கீவேர்டுக்கு ஒருமை வேறு, பன்மை வேறு. ஒத்த பொருள் கிடையாது, மொழிபெயர்ப்பு கிடையாது. எழுத்துப்பிழைகளை மட்டும் 2024 முதல் அதுவே சேர்த்துக்கொள்கிறது. மற்றதையெல்லாம் நாமே ஒவ்வொன்றாக எழுத வேண்டும். வாசல் குறுகலாக இருந்தவரை என் பட்டியல் போதுமானதாக இருந்தது. பிராட் மேட்ச் ஆனதும் வாசல் மதில் அளவுக்குத் திறந்துகொண்டது, முழ நீள வேலி எதை மறிக்கும்?

சரி, எல்லாச் சொல்லையும் அள்ளிப் போட்டுவிடலாம் என்றால் அங்கேயும் குழி இருக்கிறது. போன ஆண்டு வேலை தேடுபவர்களைத் தடுக்க நான் "வேலை" என்ற ஒற்றைச் சொல்லை நெகட்டிவில் சேர்த்தேன். நெகட்டிவிலும் குறி போடாவிட்டால் பிராட்தான், ஆனால் அங்கே அதற்குப் பொருளே வேறு: எழுதிய சொற்கள் அத்தனையும் எந்த வரிசையிலாவது தேடலில் இருந்தால் விளம்பரம் வராது. எழுதியது ஒரே சொல் என்றால் அந்தச் சொல் உள்ள எல்லாத் தேடலும் அடைபட்டுவிடும். "வாஷிங் மெஷின் வேலை செய்யவில்லை" என்றுதானே நம் மக்கள் தேடுவார்கள்! கடைக்குக் காசு தரும் ஆளையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே நேரத்தில் "வேலைவாய்ப்பு" என்று சேர்த்து எழுதித் தேடியவர்கள் தாராளமாக உள்ளே வந்தார்கள், ஏனென்றால் அது வேறு சொல். தடுக்கப்பட்ட தேடல் எந்த அறிக்கையிலும் வராது. கைப்பேசி அடிக்காமல் கிடப்பது ஒன்றுதான் அடையாளம். மூன்று நாள் கழித்து மாமா, "என்ன தம்பி, ஒரு அழைப்பும் காணோம்" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அதனால் இப்போது ஒற்றைச் சொல் போடுவதற்கு முன்னால், அந்தச் சொல்லோடு நல்ல வாடிக்கையாளர் ஒருவர் தேட வாய்ப்பு உண்டா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சம்பளம் என்ற சொல்லோடு மெஷின் பழுதானவர் தேடமாட்டார், அதை ஒற்றையாகப் போடலாம். "நம்பர்" என்ற சொல்லோடு தேடுவார், "ரிப்பேர் கடை போன் நம்பர்" என்று. அதைத் தனியாகப் போடக் கூடாது. மேற்கோள் குறிக்குள் தொடராகத்தான் போட வேண்டும். அன்று மதியம் நான் சரிசெய்த பட்டியலில் ஒரு பகுதி இது:

```
"customer care"
"கஸ்டமர் கேர்"
"toll free"
helpline
"புகார் எண்"
salary
சம்பளம்
வேலைவாய்ப்பு
"வேலை வாய்ப்பு"
"velai vaippu"
```

ஒரு பொருளுக்கு ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒன்று. சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இன்னொன்று. ஆங்கிலத்தில் மட்டுமே தேடும் ஊரில் விளம்பரம் போடுபவன் பத்து வரியில் முடித்துவிடுவான், நான் முப்பது வரி தட்ட வேண்டும். கீவேர்டுகளைத் திரும்ப ஃபிரேஸுக்கும் எக்ஸாக்டுக்கும் மாற்றினேன். பரிந்துரைகளைத் தானாகவே செயல்படுத்தும் அமைப்பைத் தேடிப் பிடித்து, அங்கே டிக் போட்டிருந்த எல்லாவற்றையும் எடுத்தேன். இனி முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்த அறிக்கையைப் படித்தே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களின் பை பெரியது. நாளுக்கு 300 என்று நாம் எழுதினாலும் ஒரே நாளில் அதன் இரு மடங்கு வரைக்கும் எடுத்துக்கொள்ளும் உரிமை தளத்துக்கு இருக்கிறது, மாதக் கணக்கில்தான் சரிக்கட்டுவார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் 540 ரூபாய் போயிருந்தது. மாதக் கடைசியில் சரியாகிவிடும் என்று அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

மாலையில் வீட்டுக்கு வந்து, எங்கள் சொந்த மெஷினின் கம்பெனி எண் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். சுவரோடு சேர்த்து வைத்த மெஷினை, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, நானும் என் மனைவியும் இழுத்துத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்தால் எறும்பு அளவு எழுத்து. அதிலும் கடைசி இரண்டு இலக்கம் ஈரத்தில் அழிந்துபோயிருக்கிறது. முன்பக்கம் இவ்வளவு பெரிய கதவு இருக்கிறது, தள்ளுபடி ஸ்டிக்கரை அங்கே ஒட்டத் தெரிகிறது, அந்தப் பத்து இலக்கத்தை அங்கே ஒட்ட உங்களுக்கு என்ன கேடு?