399 ரூபாய் பிளான்: 'அன்லிமிடெட்' என்றால் எவ்வளவு?

"ஜியோஃபைபர் 399 ரூபாய் பிளானில் நொடிக்கு 30 எம்பி இறங்கும், டேட்டாவுக்கு அளவே இல்லை, வேறு ஒரு பைசா கிடையாது. எல்லோருக்கும் அனுப்புங்கள்!"

அளவு இருக்கிறது. மாதம் 3300 ஜிபி வரைதான் முழு வேகம், அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள், இணைப்பைத் துண்டிக்க மாட்டார்கள். நாளுக்கு 110 ஜிபி வருகிறது, எச்டி படம் மணிக்கு 3 ஜிபி தின்றாலும் ஒரே டிவியை இரவு பகலாக ஓடவிட்டுக்கூட இதைத் தீர்க்க முடியாது, அதனால் சாதாரண வீட்டுக்கு இது பயப்படுகிற விஷயமே இல்லை. நாள் முழுக்க கேமரா பதிவை கிளவுடுக்கு ஏற்றுகிறவர்கள் வேண்டுமானால் கணக்குப் பார்க்கலாம்.

வேகம் நொடிக்கு 30 மெகாபிட். பைட்டில் சொன்னால் 8-ஆல் வகுக்க வேண்டும், நொடிக்கு 3.75 எம்பிதான். டவுன்லோடில் 3.5 காட்டினால் லைன் சரியாகத்தான் இருக்கிறது, புகார் எண்ணைத் தேட வேண்டாம்.

அப்புறம் 399-க்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு, பில் 471 ரூபாய் வரும்.

இந்த பிளானின் விதிமுறைகள் jio.com-இல் இருக்கின்றன, எவ்வளவு டேட்டா செலவானது என்பதை மைஜியோ ஆப்பில் பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.