வேர்ட் ராப் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டுமா?

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி விஎஸ் கோட் எடிட்டரில், நீள வரியை ஜன்னலுக்குள் மடித்துக் காட்டும் வேர்ட் ராப்பை நிரந்தரமாக ஆன் செய்து வைத்திருக்கிறார். "பக்கவாட்டில் இழுக்கிற வேலையே இல்லண்ணா" என்கிறார். பல வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஃபைல் வந்து மாற்றியது.

கமா, டேப் எதுவும் இல்லாத ஃபைல் அது. ஒரு வரிக்கு 240 எழுத்து. முதல் 12 இடம் கணக்கு எண், அடுத்த 30 பெயர், அடுத்த 12 தொகை, அப்புறம் இன்னும் என்னென்னவோ. ஏதோ ஒரு வரியில் தொகை தப்பாக ஏறியிருந்தது. வேர்ட் ராப் ஆனில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. காரணம், அது பெரும்பாலும் இடைவெளி கிடைக்கும் இடத்தில்தான் வரியை மடிக்கும். ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்தில் மடிந்து, நேர்க்கோட்டில் நிற்க வேண்டிய தொகையெல்லாம் கலைந்துவிட்டது.

Alt+Z அழுத்தி ராப்பை நிறுத்தினேன். செட்டிங்ஸில் இதைச் சேர்த்தேன்:

```json
"editor.rulers": [12, 42, 54]
```

மூன்று செங்குத்துக் கோடுகள். கீழே இறங்கிக்கொண்டே வந்தால் ஒரு வரியில் தொகையின் கடைசி இலக்கம் மூன்றாவது கோட்டைத் தாண்டி நின்றது. பெயரில் ஒரு இடைவெளி கூடுதல், அவ்வளவுதான். ரூலர் என்றால் புரோகிராம் எழுதும்போது ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டாமல் இருக்க என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கை: பெயர்கள் தமிழில் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று வைத்துத்தான் ரூலர் கோடு போடுகிறது. நம் எழுத்துகள் அந்தக் கணக்குக்கு அடங்காது.

ஃபைலை ஓரத்தில் சின்னதாக வரைந்து காட்டும் மினிமேப் இந்தத் தேடலில் உதவவில்லை. இயல்பாக அது முதல் 120 எழுத்தைத்தான் வரையும். ஒரு இடம் நகர்ந்ததெல்லாம் அந்தச் சின்னப் படத்தில் தெரியாது. ஆனால் பாதியில் அறுந்து 90 எழுத்தோடு நின்றுபோன வரி இருந்தால், வலது ஓரத்தில் பல் விழுந்த மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரக்கணக்கான வரிகளில் அதைக் கண்டுபிடிக்க வேறு சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, வேர்ட் ராப் எதற்கு? லாக் ஃபைலில் 900 எழுத்து நீளத்தில் ஒரே ஒரு ஜேசன் வரி, எரர் மெசேஜ் கடைசியில். அங்கே ஒரு வரியை முழுதாக வாசிக்கிறோம், வரிகளை ஒப்பிடவில்லை. மடித்தே ஆக வேண்டும். மடிந்து வந்த துண்டுக்கு இடப்பக்கம் வரி எண் இருக்காது, அதை வைத்து எது புது வரி என்று பிரித்துக்கொள்ளலாம். பெரிய மானிட்டரில் ஜன்னல் முழுக்க விரிந்த வரியைப் படிக்கும்போது கண் அடுத்த வரியைத் தவறவிடும். அதற்கு `editor.wordWrap`ஐ `bounded` என்று மாற்றி, `editor.wordWrapColumn`இல் 100 கொடுத்தால் போதும்.

தம்பி இப்போது Alt+Zக்குப் பழகிவிட்டார். மினிமேப்பைத்தான் ஆன் செய்ய மறுக்கிறார், இடத்தை அடைக்கிறதாம்.