பெட்ரோலியம் ஜெல்லி: பயத்தில் பாதிதான் உண்மை

"ஜெல்லி பெட்ரோல் கழிவுதானே? தோல் மூச்சு விட முடியாமல் போய்விடாதா?"

தோலின் ஆழமான அடுக்குகளுக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. ஜெல்லி தடுப்பது உள்ளிருந்து ஆவியாகும் தண்ணீரை. அதுவும் பிளாஸ்டிக் தாள் போல மூடிவிடுவதில்லை. மேல்தோலின் இறந்த செல்களுக்கு இடையே கொஞ்சம் இறங்கி நிற்கும், அடியில் தோல் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஆனால் ஜெல்லியில் தண்ணீர் கிடையாது. காய்ந்த காலில் அப்பினால் பிசுபிசுப்புதான் மிச்சம். குளித்துத் துடைத்ததும் ஈரம் முழுசாகக் காயும் முன் பட்டாணி அளவு எடுத்து இரண்டு குதிகாலுக்கும் தேய்த்துப் பாருங்கள்.

புற்றுநோய் பயம் சும்மா வந்ததல்ல. சுத்திகரிக்காத பெட்ரோலிய எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் உண்டு. மருந்துத் தர வெள்ளை ஜெல்லியிலும் மினரல் ஆயிலிலும் அவற்றை நீக்கிவிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப் கிரீஸைப் பூசினால்தான் வம்பு!

கிரீம்களில் சேர்க்கும் சிலிக்கோன் இன்னும் லேசு. அதில் ஒரு வகையான டைமெத்திகோனின் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் போகாது. நீராவியையும் ஓரளவு வெளியே விடும்.

நிஜமான தொல்லை வேறு. சித்திரை வெயிலில் முதுகு, கழுத்தில் ஜெல்லியைத் தடிமனாகப் பூசினால் வியர்வை அடைபட்டு வேர்க்குரு வரும். அங்கே லேசான லோஷன் போதும். அப்புறம், ஜெல்லி ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கம் கவனம்.