அதிக மாதத்தில் பிறந்தால் பிறந்தநாள் கிடையாதா?

“2026 மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக மாதம். இதில் பிறக்கும் குழந்தைக்கு அதே அதிக மாதம் திரும்ப வந்தால்தான் பிறந்தநாள். வைகாசியில் பிறந்த எல்லோருக்கும் இந்த வருடம் பிறந்தநாள் இல்லை. பகிரவும்!”

பகிரப்படும் இந்தச் செய்தியில் தேதி மட்டும் சரி.

சூரியன் எந்த ராசிக்கும் மாறாத சந்திர மாதமே அதிக மாதம். சூரியன் ரிஷபத்தில் நுழைவது மே 15. அடுத்த நாள் அமாவாசை. அது முடிந்ததும் சந்திர மாதம் பிறக்கிறது. திருக்கணிதப்படி அந்த மாதம் ஜூன் 15 காலையில் முடிய, சூரியன் மிதுனத்துக்குப் போவது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான். அதனால் அது ஜ்யேஷ்டம் என்னும் சந்திர மாதத்தின் பெயரிலேயே அதிக ஜ்யேஷ்டம். அடுத்து வருவது வழக்கமான ஜ்யேஷ்டம், அதாவது நிஜ ஜ்யேஷ்டம்.

திதி பார்க்கும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களில் அதிக மாதத்தில் பிறந்த குழந்தைக்கு மற்ற வருடங்களில் வழக்கமான ஜ்யேஷ்டத்தில், அதே திதியில் பிறந்தநாள் வரும். கல்யாணத்தையும் பெரும்பாலும் நிஜ மாதத்துக்குத் தள்ளி வைப்பார்கள். விநாயகர் சதுர்த்தி 2025-இல் ஆகஸ்ட் 27, 2026-இல் செப்டம்பர் 14 என நகர்வதும் இதனால்தான்.

வைகாசி சூரிய மாதம். அதில் நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடும் தமிழர்களின் பிறந்தநாளை அதிக மாதம் தொடுவதே இல்லை. மத்திய அரசின் இராஷ்ட்ரிய பஞ்சாங்கத்திலோ வீட்டிலுள்ள பஞ்சாங்கத்திலோ பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.