கருப்புத் திட்டு என்றால் செல் ஓய்வில் இருக்கிறதா?

“உட்கருவில் ஹெட்டிரோகுரோமாட்டின் நிறைய இருந்தால் அந்தச் செல் சும்மா இருக்கிறது என்றுதானே அர்த்தம்?”

இல்லை. பிளாஸ்மா செல்லின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் பாருங்கள். உட்கரு உறையின் உள்பக்கம் ஒட்டி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கருந்திட்டுகள் நிற்கும், அவைதான் ஹெட்டிரோகுரோமாட்டின். அங்கே டி.என்.ஏ நெருக்கமாகச் சுருண்டிருப்பதால் யுரேனியம், ஈய உப்புச் சாயங்கள் அடர்த்தியாகப் படிகின்றன. நடுவே வெளிறித் தெரிவது தளர்ந்து விரிந்த யூகுரோமாட்டின்.

சரி, இப்போது உட்கருவுக்கு வெளியே பாருங்கள். ரைபோசோம் ஒட்டிய சவ்வுகள் அடுக்கடுக்காக நிறைந்திருக்கும், செல் ஓயாமல் ஆன்டிபாடி தயாரிக்கிறது! அதற்குத் தேவையான மரபணுக்கள் கொஞ்சம்தான். அவை திறந்திருக்கின்றன, மற்றவற்றில் பெரும்பகுதி மூடிக் கிடக்கிறது. ஆக, கருப்பு காட்டுவது எவ்வளவு டி.என்.ஏ மூடியிருக்கிறது என்பதைத்தான், செல்லின் சுறுசுறுப்பை அல்ல.

வெளிறிய இடத்தில் உள்ள எல்லா மரபணுவும் இயங்குகிறது என்றும் சொல்ல முடியாது. படியெடுக்க வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸும் கருப்பாகத்தான் தெரியும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மணிமணியாக, உருண்டையாக இருந்தால் அது ரைபோசோம் உருவாகும் இடம், ஹெட்டிரோகுரோமாட்டின் இல்லை.